ஐம்பத்தெட்டாவது நிமிடம்

புது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இருந்த அவகாசம் பத்து நாள். அதில் எட்டு நாளைக் கரைத்த பிறகுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. கூடவே இரண்டு நாள் விடுப்பு, தேவையே இல்லாத ஒரு கூலிங் பேட், நான்கு இரவுத் தூக்கம் எல்லாம் போயின. கோளாறைச் சொன்னால் சிரிப்பீர்கள், அவ்வளவு எளியது. ஆனால் நான் தேடிய இடத்தில் அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. வியாழக்கிழமை வந்த பெட்டியை ஞாயிற்றுக்கிழமை ஆற அமரத் திறக்கலாம் என்று பரண் மேல் வைத்துவிட்டேன். பத்து நாள் கணக்கு நான் திறந்த நாளிலிருந்து ஓடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டிருந்தேன் போலும். பொருள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் அது ஓடியது. ஞாயிறு காலை திறக்கும்போது பெட்டியின் ஓரத்தில் ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். புதுப் பொருளின் வாசனையில் மனிதனுக்குக் கண் வேலை செய்வதில்லை. முதன்முதலாக இயக்கியபோது திரையின் மூலையில் வரிசையாகச் சின்னச் சின்ன அறிவிப்புகள் எழுந்தன. ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றையும் மூடினேன். அவற்றில் ஒன்று சார்ஜரைப் பற்றியதாக இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்து நினைத்து வயிறு எரிகிறது.

லேப்டாப்பைச் சோதிக்க ஒரு கனமான கேமை ஓட்டுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். சோதனைக்கென்றே இருக்கும் மென்பொருள்களில் பல, பிராசஸரையோ கிராபிக்ஸ் சிப்பையோ தனித்தனியாகத்தான் வாட்டும். கேம் இரண்டையும் ஒரே நேரத்தில், ஏற்ற இறக்கத்தோடு, மணிக்கணக்கில் வேலை வாங்கும். என் லேப்டாப்பில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது சைபர்பங்க் 2077. 2020இல் வந்த கேம்தான் என்றாலும் இன்றும் நல்ல சிப்புகளை மூச்சு வாங்க வைக்கிறது. அமைப்புகள் பகுதியிலேயே ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது என்பது இன்னொரு வசதி. பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடம் போல ஒரு காட்சி ஓடும், முடிவில் சராசரி, குறைந்தபட்ச, அதிகபட்ச ஃபிரேம் எண்ணிக்கைகளை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைக் காட்டும். ஸ்டீமில் வாங்கினேன். அங்கே வாங்கிய 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் கேமைத் திருப்பலாம் என்று விதி உண்டு. ஆனால் ஒழுங்காகச் சோதித்தால் அந்த 2 மணி கண்டிப்பாகத் தாண்டிவிடும். கேமின் விலை போனது போனதுதான் என்று கணக்கில் எழுதிவிடுங்கள். அது 70 ஜிபிக்கும் மேல் இறங்க வேண்டும், என் இணைய இணைப்புக்கு ஒன்றரை நாள் பிடித்தது. லேப்டாப் வருவதற்கு முன்பே பழைய கணினியில் இறக்கி வெளி டிஸ்கில் வைத்திருக்கலாம் என்ற யோசனை எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

ஐந்தாம் நாள் இரவு பெஞ்ச்மார்க்கை ஓட்டினேன். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கேம் தானாகத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் டிஎல்எஸ்எஸ், ஃபிரேம் ஜெனரேஷன் போன்றவை இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். அவை குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கியும், நடுவில் படங்களைச் செருகியும் எண்ணைக் கூட்டிக் காட்டும். விளையாட நல்லவை, சோதிக்க ஆகாதவை. அவற்றை அணைத்தேன். திரையின் வேகத்துக்கு ஃபிரேமைப் பூட்டி வைக்கும் வி-சிங்க்கையும் அணைத்தேன், இல்லையென்றால் சிப் பாதி தூங்கிக்கொண்டே வேலை பார்க்கும். லேப்டாப்பின் இயக்க முறையை ‘அமைதி’யிலிருந்து ‘செயல்திறன்’ முறைக்கு மாற்றினேன். சார்ஜரைச் செருகினேன். திரைத் தெளிவு 1080பி, படத் தரம் அல்ட்ரா. சராசரி 72 என்று வந்தது. இதே லேப்டாப்பை விமர்சித்த ஒருவர் இதே அமைப்பில் 74 எடுத்திருந்தார்.

ஒப்பிடும்போது சிப்பின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு அளவில் மின்சாரம் கொடுத்து லேப்டாப்புகள் செய்கிறார்கள். குறைந்த வாட் லேப்டாப்பை அதிக வாட் லேப்டாப்போடு ஒப்பிட்டுவிட்டு ஐயோ என்று அலறுவதில் பயனில்லை. ஒரே மாடல், ஒரே வாட், ஒரே அமைப்பு என்றால்தான் எண்ணுக்கு அர்த்தம். என்னுடையது மூன்றிலும் பொருந்தியது. 72க்கும் 74க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமே இல்லை. தேர்ச்சி என்று நண்பனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் இரவு உண்மையாகவே விளையாட உட்கார்ந்தேன். முன்கதை முடிந்து ஊருக்குள் சுற்ற விட்டார்கள், கபுக்கி சந்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மழை, நியான் விளக்கு, கூட்டம். திடீரென்று காட்சி சேற்றில் கால் வைத்ததுபோல இழுத்தது. திரை மூலையில் 60க்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஃபிரேம் எண் 29 என்றது. காத்திருந்தேன், ஏறவில்லை. கேமை மூடி, லேப்டாப்பை அணைத்து உடனே மறுபடி இயக்கி, பெஞ்ச்மார்க் ஓட்டினேன். முந்தின இரவு 72 கொடுத்த அதே சோதனை 38 கொடுத்தது. அந்த நேரத்து மனநிலையை எழுதிப் பயனில்லை. ஓர் ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், நள்ளிரவு ஒரு மணி, எதிரே 38 என்ற எண். அவ்வளவுதான்.

காலையில் எழுந்து முதல் வேலையாக மறுபடி ஓட்டினேன். 72.

இந்த 72தான் என்னை முழுதாகத் திசை திருப்பியது. ஓடினால் குறைகிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகிறது. சூடு என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? தேடிப் படித்த இடங்களிலும் எல்லாரும் சூட்டைப் பற்றித்தான் பேசினார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு கூலிங் பேட் வாங்கி வந்தேன். கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன். பின்பக்கத்தை ஒரு புத்தகம் கொடுத்து உயர்த்தினேன். ஆறு விசிறிகள் கொண்ட அந்தப் பேட் ஹெலிகாப்டர் போல இரைந்தது. சந்தையில் அதே இடத்தில் அதே கதாபாத்திரத்தை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் முறை பேட் இல்லாமல் ஓட்டியபோது 58ஆவது நிமிடத்தில் விழுந்தது. பேட்டோடு 57ஆவது நிமிடத்தில் விழுந்தது.

அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. சூட்டைக் குறைத்தும் விழும் நேரம் தள்ளிப்போகவில்லை என்றால், காரணம் சூடாக எப்படி இருக்கும்? லேப்டாப் கொதிப்பதென்றால் பத்து, பதினைந்து நிமிடத்திலேயே கொதித்து ஒரு நிலைக்கு வந்துவிடும். ஒரு மணி நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரே நொடியில் பாதியாக விழாது. கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு எழுதி வைக்க முடிவு செய்தேன். என்விடியா டிரைவரோடு தானாகவே வரும் ஒரு கட்டளை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் இதைக் கொடுத்துவிட்டு கேமை ஓட்டினால், ஐந்து நொடிக்கு ஒரு வரி வீதம் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்.

```
mkdir C:\test
nvidia-smi --query-gpu=timestamp,temperature.gpu,power.draw,clocks.sm,utilization.gpu --format=csv -l 5 -f C:\test\log.csv
```

நேரம், வெப்பம், சிப் இழுக்கும் மின்சாரம், சிப்பின் வேகம், எவ்வளவு சதவீதம் வேலையில் இருக்கிறது என்ற ஐந்தும் அதில் வரும். நிறுத்த `Ctrl+C`. எட்டாம் நாள் இரவு அந்தக் கோப்பைத் திறந்து 58ஆவது நிமிடத்தை ஒட்டிய வரிகளைப் பார்த்தேன். விழுவதற்கு முந்தின வரியில் வெப்பம் 77 டிகிரி, மின்சாரம் 112 வாட். அடுத்த வரியில் மின்சாரம் 45 வாட். ஒரு நிமிடம் தள்ளிப் பார்த்தால் வெப்பம் 63 டிகிரிக்கு இறங்கியிருந்தது. வேலை மட்டும் முதலிலும் 98 சதவீதம், பிறகும் 98 சதவீதம்.

சிப் சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்தால் வெப்பம் அதன் எல்லையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த வகைச் சிப்புக்கு அது 87 டிகிரி அளவில். வெப்பம் அங்கே முட்டி நிற்க, வேகம் மட்டும் படிப்படியாகக் கீழே வழுக்கும். என்னுடையதில் வெப்பம் எல்லைக்குப் பத்து டிகிரி கீழே வசதியாக இருந்தபோதே மின்சாரம் வெட்டப்பட்டது, அதன் பின்னால்தான் வெப்பம் இறங்கியது. சோறு செரிக்காமல் சாப்பாட்டை நிறுத்துவது ஒன்று, பரிமாறுகிறவர் கையை இழுத்துக்கொள்வது வேறு. இங்கே நடந்தது இரண்டாவது. இடையில் ஒரு வார்த்தை: பிராசஸர் 95 டிகிரியைத் தொடுவதைப் பார்த்துப் பயந்து யாரும் லேப்டாப்பைத் திருப்ப வேண்டாம். கேமிங் லேப்டாப்புகளில் பிராசஸர்கள் அந்தச் சூட்டில் ஓடுவது புதிதல்ல. வேகம் நிலையாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

யார் கையை இழுத்துக்கொண்டது என்பதற்கு விடை திரையிலேயே இருந்தது. கேம் முழுத் திரையை மறைத்திருந்ததால் இத்தனை நாளாக நான் பார்க்கவில்லை. கோப்பைப் பார்க்கக் கேமை விட்டு வெளியே வந்தபோது கண் வலது மூலைக்குப் போனது. பேட்டரி 29 சதவீதம். சார்ஜர் செருகியிருப்பதைக் காட்டும் பிளக் அடையாளமும் அதன் மேலேயே இருக்கிறது. விளையாட உட்கார்ந்தபோது 100 இருந்தது. செருகிய சார்ஜரோடு ஒரு மணி நேரத்தில் எழுபது சதவீதத்தைக் குடித்திருக்கிறது.

மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், செல்பேசி விளக்கில் சார்ஜர் செங்கல்லின் அடிப்பக்கத்தைப் படித்தேன். வெளியீடு 20 வோல்ட், 8.5 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 170 வாட். விற்பனைப் பக்கத்தில் ‘பெட்டியில் உள்ளவை’ என்ற இடத்தில் அவர்கள் எழுதியிருந்தது 230 வாட் சார்ஜர், அதாவது 20 வோல்ட், 11.5 ஆம்பியர். பிளக்கின் வடிவம் ஒன்றே என்பதால் அது சந்தேகமே இல்லாமல் பொருந்திக்கொண்டது. மின்சாரக் கணக்கைத் தாளில் போட்டேன். கிராபிக்ஸ் சிப்புக்கு 112, பிராசஸருக்கு ஏறத்தாழ 55, திரை, விசிறி, நினைவகம், வழியில் வீணாவது எல்லாம் சேர்த்து இன்னொரு 45. மொத்தம் 210 வாட்டுக்கு மேல். சார்ஜர் தருவது 170. மீதி நாற்பது சொச்சத்தை லேப்டாப் சத்தமில்லாமல் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. என் பேட்டரி 60 வாட் மணி. அதில் எழுபது சதவீதம் 42. மணிக்கு நாற்பது சொச்சம் வீதம் எடுத்தால் எவ்வளவு நேரம் வரும்? சுமார் ஒரு மணி. அதற்குப் பிறகு பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக லேப்டாப் கிராபிக்ஸ் சிப்பின் பங்கை வெட்டிவிடுகிறது. இரவெல்லாம் ஓய்வில் பேட்டரி நிரம்புகிறது, காலையில் 72. சூடு ஆறுவதாக நான் நினைத்தது பேட்டரி நிறைவதைத்தான்.

ஒரு நிமிட பெஞ்ச்மார்க் ஏன் ஏமாற்றியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்த ஒரு நிமிடத்துக்கான கடனைப் பேட்டரி சிரித்த முகத்தோடு கொடுத்திருக்கிறது. ஒன்றே கால் மணி நேரமாவது இடைவிடாமல் ஓட்டி, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறிலிருந்து தொண்ணூறு பக்கம் வந்து அங்கேயே நின்றால் கவலை வேண்டாம், உச்ச நேரத்தில் பேட்டரியைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளும்படியே சில லேப்டாப்புகளை அமைக்கிறார்கள். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் வம்பு. `HWiNFO` என்ற இலவச மென்பொருள் பேட்டரிக்குள் எத்தனை வாட் போகிறது அல்லது வெளியே வருகிறது என்பதையும் காட்டும். நான் அதை முதல் நாளே நிறுவியிருந்தேன். வெப்பத்தைப் பார்க்க மட்டும் பயன்படுத்தினேன்.

அந்த இரண்டு டேப் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பெட்டி எனக்கு முன்னால் வேறு யார் வீட்டுக்காவது போய் வந்திருக்குமோ? விண்டோஸில் அதற்கும் ஒரு கட்டளை உண்டு.

```
powercfg /batteryreport /output C:\test\battery.html
```

அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால் `CYCLE COUNT` என்று ஒரு வரி இருக்கும். பேட்டரி மொத்தமாக எத்தனை முறை முழுதாகக் காலியாகி நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு அது. சில லேப்டாப்புகளில் அந்த வரி வெறுமையாகவே இருக்கும், என்னுடையதில் எண் இருந்தது. நான் நான்கைந்து இரவு வதைத்ததற்கு ஐந்தோ ஆறோ இருக்கலாம். இருந்தது 41.

ஒன்பதாம் நாள் காலை விற்றவர்களைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் முதலில் பேசிய விதம் தவறு. ‘‘கேம் விளையாடினால் ஃபிரேம் பாதியாகக் குறைகிறது’’ என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் இருந்தவர் மனப்பாடமாகச் சொன்னார்: ‘‘சார், கேம் ஓட்டினால் லேப்டாப் சூடாகும், வேகம் கொஞ்சம் குறையும். அது குறைபாடு ஆகாது, சார்.’’ கோப்பு, வாட், வெப்பம் என்று நான் விளக்க விளக்க அவர் அதே வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர் மேல் தவறில்லை. அவர் கையில் இருக்கும் பட்டியலில் ‘ஃபிரேம்’ என்ற சொல்லுக்குக் கட்டம் இல்லை. அழைப்பைத் துண்டித்து, தண்ணீர் குடித்து, மறுபடி கூப்பிட்டேன். இம்முறை வேறொருவர் எடுத்தார். ‘‘உங்கள் பக்கத்தில் 230 வாட் சார்ஜர் என்று இருக்கிறது. பெட்டியில் வந்தது 170 வாட். புதுப் பொருள் என்று விற்றீர்கள், பேட்டரி 41 முறை ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் படம் இருக்கிறது’’ என்றேன். கேமைப் பற்றி மூச்சு விடவில்லை. ‘‘படங்களை அனுப்புங்கள், சார்’’ என்றார். சார்ஜரின் அடிப்பக்கம், விற்பனைப் பக்கம், பேட்டரி அறிக்கை, செருகிய நிலையிலேயே பேட்டரி இறங்குவதைக் காட்டும் அரை நிமிடக் காணொளி ஆகியவற்றை அனுப்பினேன். சரியான சார்ஜரை மட்டும் அனுப்புகிறோம் என்றார்கள் முதலில். 41ஐ மறுபடி நினைவூட்டினேன். மாலையில் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள்.

கோளாறைக் காட்டிக்கொடுத்தது கேம். ஆனால் திருப்பிக் கொடுக்க உதவியது கேம் அல்ல. எழுதிக் கொடுத்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினால்தான் அந்தப் பக்கம் காது கேட்கிறது. உங்கள் சோதனையில் எது தவறாக வந்தாலும், அது விற்பனைப் பக்கத்தின் எந்த வரியோடு மோதுகிறது என்று தேடிவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்.

நான்கு நாள் கழித்துப் புதுப் பெட்டியோடு ஓர் இளைஞர் வந்தார். பழையதை எடுத்துக்கொண்டு போவதற்காகச் செல்பேசியில் ஒரு பட்டியலைத் திறந்தார். லேப்டாப், சரி. பெட்டி, சரி. ‘‘சார்ஜர் உள்ளே இருக்கிறதா, சார்?’’

‘‘இருக்கிறது, தம்பி. ஆனால் அது இந்த லேப்டாப்பின் சார்ஜர் இல்லை. அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.’’

அவர் செங்கல்லைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘‘இருந்தால் போதும், சார்’’ என்று கட்டத்தில் குறியிட்டுவிட்டு, பெட்டியின் ஓரத்தில் ஒரு புது டேப்பை இழுத்து ஒட்டினார். எனக்கு முன்னால் இருந்தவர் வீட்டிலும் இதேதான் நடந்திருக்க வேண்டும்.

அவர் படி இறங்குவதற்குள் புதுப் பெட்டியைத் திறந்து சார்ஜரை வெளியே எடுத்தேன். 20 வோல்ட், 11.5 ஆம்பியர். கையில் முந்தையதைவிடக் கனமாகவே இருந்தது. கேமை இம்முறை வெளி டிஸ்கிலிருந்து ஏற்றி, அன்றிரவே அதே சந்தையில் எழுபத்தைந்து நிமிடம் நிறுத்தி வைத்தேன். 58ஆவது நிமிடத்தில் 113 வாட், 78 டிகிரி. 75ஆவது நிமிடத்தில் 112 வாட், 78 டிகிரி. பேட்டரி நூறிலேயே இருந்தது. பேட்டரி அறிக்கையில் எண் 0.